குறுவை வைக்கோலைக் கொளுத்தாமல் தாளடி நடுவது

"எங்களுக்கு மன்னார்குடி பக்கம் நாலு ஏக்கர். குறுவையை மெஷினில் அறுத்ததும் வைக்கோல் ஈரமாகக் கிடக்கிறது. கட்டு கட்டுகிற வண்டிக்காரர் ஈர வைக்கோலுக்கு வர மாட்டேன் என்கிறார். பதினைந்து, பதினேழு நாளில் அடுத்த போகமான தாளடி நட வேண்டும். கொளுத்தாமல் என்ன செய்வது? மடக்கி உழுதால் பயிர் மஞ்சளாகிவிடும் என்கிறார் அப்பா. பசுந்தாள் பயிர் போடு என்கிறார்கள் சிலர், அதற்கு நேரம் எங்கே இருக்கிறது?"

உங்கள் அப்பா சொல்வதில் தப்பில்லை. ஈர வைக்கோலைத் தேங்கின தண்ணீரோடு மடக்கி உழுது ஒரு வாரத்துக்குள் நட்டால் பயிர் மஞ்சளாகத்தான் செய்யும். வேளாண்மை படித்துவிட்டு இந்தப் பகுதியிலேயே இருபத்தைந்து வருடமாக வேலை பார்க்கிறேன். எங்கள் சொந்த வயலில் முதல் தடவை செய்தபோது எனக்கே அது நடந்தது. மழை வரும் என்ற அவசரத்தில் அறுத்த மூன்றாம் நாள் தண்ணீர் கட்டி, கேஜ்வீல் போட்டு ஓட்டி, ஆறாம் நாள் நட்டுவிட்டோம். பத்து நாள் கழித்து வரப்பில் நின்று பார்த்தால் பயிர் பட்டை பட்டையாக மஞ்சளாக நிற்கிறது. ஒரு மஞ்சள் பட்டை, அடுத்து ஒரு பச்சைப் பட்டை, மறுபடி மஞ்சள். இறங்கி மஞ்சள் பட்டையில் காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வருகிறது, அழுகின முட்டை வாடை அடிக்கிறது. ஒரு குத்தைப் பிடுங்கினால் வேர் கறுப்பு. பக்கத்துப் பச்சைப் பட்டையில் பிடுங்கினால் வேர் வெள்ளையும் செம்பழுப்புமாக நன்றாக இருக்கிறது. அந்தப் பட்டைகள் எதன் கணக்கு என்று யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அறுவடை வண்டி ஓடும்போது பின்னால் வைக்கோலை ஒரே வரிசையாகக் கொட்டிக்கொண்டே போகிறதல்லவா, அந்த வரிசைகள் அவை. வயல் முழுக்க விழ வேண்டிய வைக்கோல் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் குவிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: வைக்கோல் மண்ணுக்குள் போவது பிரச்சினை இல்லை, ஓரிடத்தில் குவிந்து போவதும், காற்று இல்லாத சேற்றுக்குள் போவதும், போனதுமே நடுவதும்தான் பிரச்சினை. இந்த மூன்றையும் சரிக்கட்டினால் பதினேழு நாள் போதும். கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முடியும்.

மஞ்சள் ஏன் வருகிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் எளிது. நெல் வைக்கோலில் கரிச்சத்து அதிகம், தழைச்சத்து குறைவு. உலர்ந்த எடையில் நூற்றுக்கு அரையிலிருந்து முக்கால் பங்கு வரைதான் தழைச்சத்து. அதைத் தின்று மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தங்கள் உடம்பைக் கட்டிக்கொள்ள அதைவிடக் கூடுதலாகத் தழைச்சத்து வேண்டும். வைக்கோலில் இல்லாததை மண்ணிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சில வாரங்களுக்குப் பயிரும் அவையும் ஒரே சாப்பாட்டுக்குப் போட்டி போடுகின்றன, பயிர் தோற்கிறது. பிறகு அவை செத்து மக்கும்போது எடுத்ததில் ஒரு பகுதி திரும்பி வரும், ஆனால் தூர் கட்டும் பருவம் அதற்குள் போய்விடும். இது ஒன்று. இன்னொன்று, காற்று இல்லாத சேற்றில் வைக்கோல் மக்கினால் புளிப்பான அமிலங்களும், அந்த முட்டை வாடைக்குக் காரணமான வாயுவும் உண்டாகின்றன. இவை இளம் வேரை நேரடியாகத் தாக்குகின்றன. முதலாவதற்கு யூரியா உதவும். இரண்டாவதற்கு யூரியா ஒன்றும் செய்யாது, காற்றும் நாளும்தான் மருந்து. மஞ்சளைப் பார்த்ததும் யூரியாவாக அள்ளி வீசுபவர்கள் பணத்தை விடுவது இதனால்தான்.

கொளுத்தினால் சாம்பல் உரம்தானே என்று உங்கள் ஊரிலும் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. நெல் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு எடை வைக்கோலும் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் வைக்கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 முதல் 15 கிலோ தழைச்சத்து இருக்கிறது, யூரியாக் கணக்கில் ஏறத்தாழ அரை மூட்டை முதல் முக்கால் மூட்டை வரை. சாம்பல் சத்து அதைவிட அதிகம். பொட்டாஷ் உரமாகக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஒரு மூட்டைக்குக் குறையாது, மேலேயும் போகும். கொளுத்தும்போது தழைச்சத்து அனேகமாக முழுதும் போய்விடுகிறது. மணிச்சத்தில் கால்வாசி, சாம்பல் சத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. ஆக, சாம்பல் சத்தில் பெரும்பகுதி வயலில் தங்குகிறது என்பது சரி. ஆனால் அது வைக்கோல் வரிசை இருந்த இடத்தில் மட்டும் தங்குகிறது, அடுத்த பெருமழையில் ஓடவும் செய்கிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: வைக்கோலில் இருக்கும் சாம்பல் சத்து மக்குவதற்குக் காத்திருப்பதே இல்லை. அது தண்ணீரில் கரைந்த நிலையிலேயே தட்டைக்குள் இருக்கிறது, மழை பட்டாலே இறங்கிவிடும். அதற்காகத் தீ வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, உங்கள் பதினேழு நாளுக்கு வருவோம். இந்தக் கணக்கு அறுவடை நாளில் தொடங்கக் கூடாது, அதற்குப் பத்து நாள் முன்னால் நாற்றங்காலில் தொடங்க வேண்டும். பலர் தாளடி நாற்றை முன்கூட்டியே விட்டுவிட்டு, 'நாற்று முற்றுகிறது' என்று அவசரப்பட்டு வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். நாள் இல்லாமல் போனதற்கு வைக்கோலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. தாளடிக்கு ஆடுதுறை 46 மாதிரி 135 நாள் ரகம் போடுவதாக இருந்தால் 25 முதல் 30 நாள் நாற்று நடலாம். குறுவை அறுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது விதை விட்டால், அறுத்து பதினேழாம் நாள் நாற்றுக்கு 27 நாள். அந்த இடைவெளி முழுதும் மண்ணுக்குக் கிடைக்கிறது. மெஷின் நடவு என்றால் பாய் நாற்றங்கால் பதினைந்து நாளில் தயார், அறுத்த மறுநாள்கூட விதை போடலாம், இன்னும் வசதி.

அறுவடை நாளன்று செய்ய வேண்டியது, வைக்கோலை ஓரிடத்தில் குவிய விடாமல் பார்த்துக்கொள்வது. இங்கே நான் சொல்வது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம்: தாழ அறுக்கச் சொல்லி வண்டிக்காரரோடு சண்டை போடாதீர்கள். கட்டு கட்டி விற்கத்தான் தாழ அறுக்க வேண்டும். மடக்கி உழப் போகிற வயலில் முழங்கால் உயரத்துக்குத் தாள் நின்றால் நல்லது. நிற்கிற தாள் முளைத்த இடத்திலேயே, வயல் முழுக்க ஒரே சீராக இருக்கிறது. வேரோடு பிடித்து நிற்பதால் ரோட்டவேட்டரில் சுற்றிக்கொள்ளவும் செய்யாது. பின்னால் கொட்டும் வரிசையும் அந்த அளவுக்கு மெலிந்துவிடும். உங்கள் பக்கம் வைக்கோலை நறுக்கிப் பரப்பும் கருவி பொருத்திய வண்டி கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையென்றால் கொட்டிய வரிசையை அன்றோ மறுநாள் காலையிலோ ஆள் விட்டு உதறிப் பரப்ப வேண்டும். கவைக்கம்பு இருந்தால் போதும். எங்கள் வயலில் ஏக்கருக்கு இரண்டு ஆள் அரை நாள் ஆகிறது. இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்ப்பார்கள். இதைத் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் பட்டை விழும்.

அடுத்து முதல் உழவு. அறுத்த இரண்டு மூன்று நாளுக்குள், மண்ணில் ஈரம் இருக்கும்போதே, ஆனால் தண்ணீர் நிற்காதபோது ஓட்ட வேண்டும். அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை வடித்திருந்தால் இந்தப் பதம் தானாகக் கிடைக்கும். மண்ணைக் கையில் எடுத்து அழுத்தினால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் சேறாகப் பிதுங்கக் கூடாது. ரோட்டவேட்டரை ஆழமாக இறக்க வேண்டாம், நாலு விரல் ஆழம் போதும். ஆழமாகப் போன வைக்கோலுக்குக் காற்று கிடைக்காது. முதல் ஓட்டில் பாதி வைக்கோல் வெளியில் தெரியும், பார்க்க அசிங்கமாக இருக்கும், அது பரவாயில்லை. நீள வைக்கோல் அச்சில் சுற்றிக்கொண்டால் ஓட்டுநர் இறங்கி அரிவாளால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். அடிக்கடி அப்படி ஆனால் வைக்கோலை உதறினது போதவில்லை என்று அர்த்தம். காலையில் பனி ஈரத்தோடு ஓட்டுவதைவிட வெயில் ஏறிய பிறகு ஓட்டினால் சுற்றுவது குறைகிறது.

இந்த உழவுக்கு முன்னால் யூரியா. முந்தின பயிரின் தாளை மடக்கி உழும்போது, அடுத்த நடவுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால், எக்டேருக்கு 22 கிலோ யூரியா போடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு அது 9 கிலோ. இரண்டு போக நன்செய்க்கென்றே சொன்னது அது, உங்களுக்கு நேராகப் பொருந்தும். ஆனால் அந்தக் கணக்கு தாளுக்கானது. முழு வைக்கோலும் உள்ளே போகும்போது நான் ஏக்கருக்கு 20 கிலோ வரை போடுகிறேன். இது என் அனுபவத்தில் வந்த அளவு, உறுதியான சட்டம் இல்லை. மண் வளமாக இருந்தால் இதைவிடக் குறைவே போதலாம். மொத்தத் தழைச்சத்தில் இதையும் சேர்த்தே கணக்கு வையுங்கள், மேலதிகமாக வேண்டாம். யூரியாவுக்குப் பதில் பச்சைத் தழை கிடைத்தால் இன்னும் மேல். வரப்பில் கிளைரிசிடியா வைத்திருப்பவர்கள் வெட்டிப் போட்டு வைக்கோலோடு சேர்த்து ஓட்டலாம். நம் தாத்தாக்கள் வேம்பு, பூவரசு, புங்கன் தழையைச் சேற்றில் மிதித்தது இதே கணக்குத்தான். தழைச்சத்து நிறைந்த பச்சையும் இல்லாத வைக்கோலும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும்.

இதற்குப் பிறகு பத்து நாள் வயலைச் சும்மா விட வேண்டும். சும்மா என்றால் ஈரமாக, ஆனால் தண்ணீர் தேங்காமல். இடையில் மழை பெய்தால் மடையை வெட்டி வடித்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு பிடி வைக்கோலைத் தோண்டி எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். புது வைக்கோல் நார் மாதிரி இழுபடும், கையை அறுக்கும். பாதி மக்கியது பழுப்பாகி, லேசாக இழுத்தாலே அறுந்துவிடும். வாடையும் மாறும். மழை பெய்த தோட்டத்து வாடை அடித்தால் காற்றோடு மக்குகிறது, சாக்கடை வாடை அடித்தால் எங்கோ தண்ணீர் நிற்கிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நாள் தண்ணீர் கட்டிச் சேற்றுழவு ஓட்டிப் பரம்படிக்கலாம். தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம், அதிகம் கட்டினால் மக்காத வைக்கோல் மிதந்து ஒரு மூலையில் ஒதுங்கும். அப்படி ஒதுங்கியதை வாரி வரப்பில் போட்டுவிடுங்கள். இலையுறை கருகல் வந்த வயலாக இருந்தால் அந்த மூலையில் சேரும் நுரையிலும் குப்பையிலும் பூஞ்சாணத்தின் கடுகு மாதிரியான வித்துகள் மிதந்து வந்திருக்கும், அதை வாரி அப்புறப்படுத்துவது நல்லது. இரண்டு மூன்று நாள் சேறு படிய விட்டுப் பதினாறு, பதினேழாம் நாள் நடுங்கள்.

நட்ட பிறகு முதல் மாதம் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினாலாம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை இலை வண்ண அட்டையை வைத்துப் பாருங்கள், பச்சை குறைந்தால் மேலுரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மஞ்சள் தெரிந்தால் எந்த மஞ்சள் என்று பார்க்காமல் எதையும் போடக் கூடாது. கீழ் இலைகள் நுனியிலிருந்து சீராக வெளிறி, வேர் நல்ல நிறத்தில் இருந்தால் அது தழைச்சத்துப் பசி, யூரியா கேட்கும். வேர் கறுத்து, மிதித்தால் குமிழியும் வாடையும் வந்தால் உடனே தண்ணீரை வடித்து, மயிரிழை வெடிப்பு விழும்வரை மூன்று நாலு நாள் காயப் போட வேண்டும். வெள்ளை வேர் புதிதாக விட்ட பிறகு தண்ணீரும் யூரியாவும் கொடுத்தால் பயிர் எழுந்துவிடும், என் வயலே எழுந்தது. மூன்றாவதாக, நட்ட இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துரு மாதிரிப் பழுப்புப் புள்ளிகளும், இளம் இலையின் அடியில் நடுநரம்பு வெளுத்தும் இருந்தால் துத்தநாகக் குறை. தண்ணீர் எப்போதும் நிற்கும் நிலத்தில் வைக்கோல் சேர்ந்தால் இது கூடவே வரும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து நடவின்போதே மேலாக இட்டுவிட்டால் பெரும்பாலும் வராது.

பொட்டாஷைக் குறைக்கலாமா என்றால், நான் இரண்டாம் வருடத்திலிருந்து பாதியாகக் குறைத்தேன், மகசூல் குறையவில்லை. ஆனால் மண் பரிசோதனை இல்லாமல் முதல் வருடமே குறைக்கச் சொல்ல மாட்டேன்.

இந்த முறை எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைமடையில், வடிகால் இல்லாத பள்ளக்காலில் இதைச் செய்யாதீர்கள். அக்டோபர் கடைசியில் பருவமழை பிடித்தால் அங்கே தண்ணீரை வடிக்க உங்களால் முடியாது, வைக்கோல் சேற்றுக்குள் அழுகும், மருந்தே இல்லை. அங்கே பரப்புவதற்குப் பதில் வரிசையை வாரி மேட்டில் குவித்து, தாளை மட்டும் மடக்கி உழுங்கள். ஈர வைக்கோல் மாட்டுக்கு ஆகாது என்றாலும் சாணிக் கரைசல் தெளித்து அடுக்கினால் கோடைக்குள் நல்ல எருவாகிவிடும். தண்டழுகலோ இலையுறை கருகலோ கடுமையாக வந்த வயலிலும் இப்படி வெளியேற்றுவதே சரி. இன்னொன்று, இதில் சூழல் லாபம் முழுசாக இல்லை. வைக்கோலை மடக்கி உழுது முப்பது நாளுக்குள் தண்ணீர் கட்டி நட்டால் மீத்தேன் வாயு அதிகமாக வெளியேறும். முப்பது நாள் தாண்டினால் வைக்கோலால் வரும் அந்தக் கூடுதல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது என்று உலக அளவிலான கணக்கீட்டு முறைகளே வைத்திருக்கின்றன. பதினேழு நாளில் அந்த நன்மை உங்களுக்குக் கிடைக்காது. புகையும் தழைச்சத்து இழப்பும் இல்லை, ஆனால் மீத்தேன் உண்டு. முதல் பத்து நாள் காற்றோடு மக்கவிடுவதும் பிறகு நீர் மறைய நீர் கட்டுவதும் அதைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது.

மக்கவைக்கும் திரவம் தெளித்தால் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். டெல்லியிலிருந்து வரும் பூசா டீகம்போசர், இங்கே கிடைக்கும் நுண்ணுயிர்க் கலவைகள் எல்லாவற்றுக்கும் ஈரமும் மண்ணோடு தொடர்பும் இருபது நாளுக்கு மேல் அவகாசமும் வேண்டும். உழுது மண்ணில் கலந்த வைக்கோலில் மண்ணில் இருக்கும் நுண்ணுயிரே அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறது. தெளித்த வயலுக்கும் தெளிக்காத வயலுக்கும் வித்தியாசத்தை நான் சில இடங்களில் பார்த்தேன், பல இடங்களில் பார்க்கவில்லை. பரப்பாமல், உழாமல், வரிசையின் மேல் தெளித்துவிட்டுக் காத்திருப்பது மட்டும் எங்குமே பலித்து நான் பார்த்ததில்லை.

இப்போது பசுந்தாள் பயிர். குறுவைக்கும் தாளடிக்கும் நடுவில் அது முடியாது, நீங்கள் சொல்வது சரி. தக்கைப்பூண்டு 45 நாள் கேட்கும், உங்களிடம் பதினேழுதான் இருக்கிறது. யாராவது போடச் சொன்னால் அவர் உங்கள் காலண்டரைப் பார்க்காமல் சொல்கிறார். பஞ்சாபில் வைக்கோலைக் கொளுத்தாமல் ஹேப்பி சீடர் என்ற விதைப்புக் கருவியை ஓட்டும் வீடியோக்களைக் காட்டுபவர்களுக்கும் பதில் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காக்க அங்கே 2009இல் வந்த சட்டத்தால் நடவு தள்ளிப்போய், நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கிறது. நாள் நெருக்கடி நம்மைப் போலத்தான். ஆனால் ஹேப்பி சீடர் வைக்கோலுக்கு ஊடே கோதுமையைச் சேறு இல்லாத மண்ணில் விதைக்கிறது, வைக்கோல் மேலேயே மூடாக்காகக் கிடக்கிறது. நாம் சேற்றில் நடுகிறோம். அந்தக் கருவி நம் தாளடிக்கு உதவாது.

ஆனால் அதே உத்தி நம்மிடம் வேறு பருவத்தில், எந்தக் கருவியும் இல்லாமல், ரொம்ப நாளாக இருக்கிறது. தாளடி முடியும்போது நெல் தரிசில் உளுந்து, பயறு தெளிப்பதுதான் அது. மூடு பயிர் என்று புதிதாகப் பேர் சொல்கிறோமே, அதன் டெல்டா வடிவம் இதுதான். தை மாதம், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நெல்லுக்குள்ளேயே ஏக்கருக்கு 12 கிலோ ஆடுதுறை 3 உளுந்தைத் தெளிப்பார்கள். கையறுப்பில் அது அருமையாக வந்தது. மெஷின் வந்ததும் கெட்டது, ஏனென்றால் முளைத்த செடியின் மேல் வண்டி ஏறுகிறது, பிறகு அதன் மேல் வைக்கோல் வரிசை அமுக்குகிறது. அந்த வரிசையை ஒழிக்கத் தீ வைப்பவர்கள் முளைத்த உளுந்தையும் சேர்த்து இழக்கிறார்கள். நாங்கள் செய்வது: அறுப்புக்கு முதல் நாள் மாலையோ அன்று காலையோ தெளிக்கிறோம். விதை முளைவிடாமல் இருப்பதால் வண்டிச் சக்கரம் அதை மண்ணோடு அழுத்திவிட்டுப் போகிறது, சேதம் குறைவு. பின்னால் வரிசையை அன்றே உதறுகிறோம். நின்று கீழே பார்த்தால் வைக்கோலுக்கு நடுவே மண் ஆங்காங்கே தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லியதாக இருந்தால் முளை ஏறி வரும், ஈரமும் கூடுதல் நாள் நிற்கும். கட்டு கட்டி விற்பதாக இருந்தால் மூன்று நாளுக்குள் பேலரை ஓட்டி முடித்துவிட வேண்டும், முளைத்த பிறகு அதை உள்ளே விடக் கூடாது. வண்டி ஏறி ஈரம் அதிகமாக மிதிபட்ட இடங்களில் மட்டும் செடி வராது, அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

உளுந்து மண்ணுக்கு நிறையத் தழைச்சத்து விடும் என்பதை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். செடியை வேரோடு பிடுங்கி, காயை அடித்துவிட்டு, கொடியை மாட்டுக்குப் போடுகிறோம். தழைச்சத்தில் பெரும்பகுதி அதோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. மண்ணில் தங்க வேண்டுமென்றால் செடியை அறுத்து வேரை விட வேண்டும், கொடியைத் திருப்பி வயலில் போட வேண்டும்.

தக்கைப்பூண்டுக்கான இடம் அதற்குப் பிறகு வரும் கோடையில் இருக்கிறது. குறுவை போடாமல் சம்பா மட்டும் போடும் வயலில் இது ரொம்பச் சுலபம், கோடை மழையிலோ மேட்டூர்த் தண்ணீரிலோ ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45 நாளில், முதல் பூ தெரியும்போது மடக்கி உழலாம். நன்றாக வந்த பயிர் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் பச்சைத் தழை கொடுக்கும். வயலில் பழைய வைக்கோல் கிடந்தால் அதையும் சேர்த்து ஓட்டிவிடுங்கள், தனி யூரியா தேவைப்படாது. ஐம்பது நாள் தாண்டவிட்டால் தண்டு கட்டையாகிவிடும், பிறகு வைக்கோலைவிடப் பெரிய தலைவலி அதுதான். உங்களைப் போல இரண்டு போகம் நெல் போடுபவர்களுக்கு மே மாதமே விதைக்க வேண்டும், அதற்கு பம்புசெட் இருந்தால்தான் முடியும். இல்லையென்றால் நாலு ஏக்கரில் ஒன்றை ஒவ்வொரு வருடமும் மாற்றி மாற்றிக் குறுவை இல்லாமல் விட்டு அதில் போடலாம். குறுவை வருமானத்தை விட்டுக்கொடுக்க உங்களால் முடியுமா என்பது நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டியது.

இந்தக் குறுவைக்கு நாலு ஏக்கரிலும் ஒரே நேரத்தில் இறங்க வேண்டாம். நன்றாக வடியும் ஒரு ஏக்கரை எடுத்து, முழு வைக்கோலையும் பரப்பி மடக்கி உழுங்கள். மற்ற மூன்றில் வரிசையை வாரி மேட்டில் குவித்துவிட்டுத் தாளை மட்டும் ஓட்டுங்கள், அதற்கு ஏக்கருக்கு அந்த 9 கிலோ யூரியா போதும். அந்த ஒரு ஏக்கரில் நட்ட பத்தாம் நாள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் வரப்பில் நின்று பாருங்கள். மஞ்சள் பட்டை பட்டையாகத் தெரிந்தால் உதறியது போதவில்லை. வயல் முழுக்க ஒரே சீராக வெளுத்திருந்தால் நாளோ யூரியாவோ போதவில்லை. எது தெரிகிறது என்று இங்கே எழுதுங்கள், வேர்ப் படமும் ஒன்று எடுத்துப் போடுங்கள்.